பென்ஷன் பணம் யார் கையிலிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பே-அஸ்-யூ-கோ, ஃபண்டட் என்கிறார்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பே-அஸ்-யூ-கோ முறையில் இந்த மாதம் வேலை செய்பவர்களிடம் வாங்கும் பணம் இந்த மாதமே ஓய்வு பெற்றவர்களுக்குப் போய்விடுகிறது. எங்கும் தங்குவதில்லை. ஃபண்டட் முறையில் உங்கள் பணம் உங்கள் பேரில் சேர்ந்து, வட்டியோ லாபமோ ஈட்டி, கடைசியில் உங்களுக்கே வருகிறது. இனிமேல் முதலாவதைக் கைக்குக் கை முறை என்றும் இரண்டாவதை உண்டியல் முறை என்றும் சொல்கிறேன். பாடப்புத்தகப் பெயர்கள் அல்ல, எனக்கு எழுதச் சுலபம், அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய ஓய்வூதியத் திட்டம், கடைசிச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் அகவிலைப்படி. அவர் மகளும் ஆசிரியைதான், ஆனால் 1-4-2003-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர், அதனால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சிபிஎஸ். அக்காவின் சம்பளப் பட்டியலில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10% பிடித்தம் இருந்தது, அரசும் அதே அளவு போட்டது. பெரியப்பாவுக்கு வருவது அந்த ஆண்டின் வரிப்பணம். அக்காவுடையது கணக்கில் ஏறியது.

அப்பாவுக்கும் மாதாமாதம் ஜிபிஎஃப் பிடித்தார்களே, அதுதானே பென்ஷனாக வருகிறது?

இல்லை. ஜிபிஎஃப் அவருடைய சொந்தச் சேமிப்பு, ஓய்வு பெற்ற அன்று வட்டியோடு மொத்தமாகக் கையில் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதற்கும் மாதாமாதம் வரும் பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. பழைய திட்டத்தில் பென்ஷனுக்கென்று ஊழியரிடம் ஒரு ரூபாயும் பிடித்ததில்லை.

வயதானவர்கள் கூடினால் கைக்குக் கை முறை ஏன் தள்ளாடுகிறது? கணக்காகக் காட்ட முடியுமா?

முடியும், நாலாங்கிளாஸ் வகுத்தல் போதும். சராசரிச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய், பென்ஷன் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற ஒருவருக்கு 5 பேர் வேலை செய்தால் ஆளுக்கு 2,400 ரூபாய் கொடுத்தால் போதும், சம்பளத்தில் 8%. அதே பென்ஷனுக்கு 3 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 4,000 ரூபாய், 13 சதவீதத்துக்கு மேல். 2 பேர் என்றால் 6,000 ரூபாய், 20%. யாரிடமும் கூடுதலாக வாங்க மாட்டோம், 8 சதவீதத்திலேயே நிற்போம் என்று அடம்பிடித்தால் பென்ஷன் 12,000-லிருந்து 4,800-க்கு இறங்கிவிடும். நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, ஓய்வு வயதைத் தள்ளிப்போடுவது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதில் நிர்வாகக் கோளாறோ ஊழலோ எதுவும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் யோக்கியர்களாக இருந்தாலும் தலையெண்ணிக்கை மாறினால் கணக்கு மாறும்.

சரி, அந்த 5 பேர் எங்கே போனார்கள்? முதலில் எப்படி இருந்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒவ்வொருவரும் 35 வருடம் வேலை செய்து, 15 வருடம் ஓய்வில் இருந்து, பிறகு இறந்துபோகிறார்கள் என்று வைப்போம். ஒவ்வொரு வருடமும் அதே எண்ணிக்கையில் குழந்தைகள் பிறக்கின்றன, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்போது வேலை செய்பவர்களுக்கும் ஓய்வில் இருப்பவர்களுக்கும் விகிதம் 35-க்கு 15, அதாவது ஒருவருக்கு 2.33 பேர்தான். மக்கள்தொகை வளராமல் நின்றாலே 5 பேர் கிடைக்க மாட்டார்கள்! ஆளுக்குச் சுமார் 5,140 ரூபாய், 17% கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும்தான் 5 பேர் வருவார்கள். எவ்வளவு பெரிதாக என்று போட்டுப் பார்த்தால், பிறப்புகள் வருடத்துக்கு 3% கூடிக்கொண்டே போக வேண்டும். 1% கூடினால் 3 பேர். வருடத்துக்கு 1% குறைந்துகொண்டே வந்தால் 1.8 பேர், ஆளுக்குச் சம்பளத்தில் சுமார் 22%.

இப்போது உண்டியலைப் பாருங்கள். அதே ஆள், அதே 8%, மாதம் 2,400 ரூபாயை 35 வருடம் சேமிக்கிறார், விலைவாசி உயர்வு போக 3% லாபம் கிடைக்கிறது. கடைசியில் இன்றைய மதிப்பில் சுமார் 17,40,000 ரூபாய் சேரும். அதை 15 வருடம் பிரித்து எடுத்தால் மாதம் ஏறக்குறைய 12,150 ரூபாய். அதே 12,000!

தற்செயல் இல்லை. உண்டியலில் 3% வட்டி செய்யும் வேலையைக் கைக்குக் கை முறையில் 3% மக்கள்தொகை வளர்ச்சி செய்கிறது. பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1958-இல் எழுதிய கட்டுரையில் காட்டியது இதைத்தான்: இந்த முறைக்கும் ஒரு வட்டி விகிதம் உண்டு, அதைக் கொடுப்பது பிறப்பு. ஹென்றி ஏரன் 1966-இல் சம்பள உயர்வையும் சேர்த்துக்கொண்டார். வேலை செய்பவர்களின் மொத்தச் சம்பளம் எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, அதுதான் கைக்குக் கை முறையின் வட்டி. மக்கள்தொகையும் சம்பளமும் சேர்ந்து சந்தை லாபத்தைவிட வேகமாக வளர்ந்த காலத்தில் இது உண்டியலையே தோற்கடித்த முறை என்பதை இன்று பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதுமை கூடும் சமூகத்தில் அந்த வட்டியின் ஒரு பாதி, பிறப்பு தந்த பாதி, பூஜ்யத்துக்கு இறங்கி அதற்கும் கீழே போய்விடுகிறது. நெருக்கடி என்று சொல்வது இதைத்தான்.

நிஜமாக எங்கேயாவது இப்படி நடந்திருக்கிறதா, இல்லை எல்லாம் கரும்பலகைக் கணக்கா?

அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், எண்கள் எல்லாம் வெளிப்படையாகக் கிடைக்கும். அங்கே முதல் மாதாந்திரக் காசோலை 1940 ஜனவரி 31 தேதியிட்டது, தொகை 22 டாலர் 54 சென்ட். வாங்கியவர் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்த ஐடா மே ஃபுல்லர். திட்டம் வந்த பிறகு அவர் 3 வருடம்தான் கட்டினார், மொத்தம் 24 டாலர் 75 சென்ட். இரண்டாவது காசோலையிலேயே போட்டதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் அந்த அம்மா 100 வயது வரை இருந்தார்! 1975-இல் இறக்கும்போது வாங்கிய மொத்தம் 22,888 டாலர் 92 சென்ட்.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கைக்குக் கை முறையைத் தொடங்கும்போது முதல் தலைமுறைக்கு ஒரு இலவசப் பரிசு கிடைத்தே தீரும், ஏனென்றால் அவர்களுக்கு முன்னால் யாருக்கும் அவர்கள் கொடுக்கவில்லை. அந்தப் பரிசின் பாரத்தைப் பின்னால் வரும் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போகிறது. வரிசை நீளும் வரை தோளில் பாரம் தெரியாது.

அங்கே 1960-இல் பயன்பெறும் ஒருவருக்கு 5.1 பேர் வேலை செய்தார்கள். இன்று 3-க்கும் குறைவு. 1983-இல் இதை முன்கூட்டியே கண்டு, முழு ஓய்வூதிய வயதை 65-லிருந்து படிப்படியாக 67-க்கு ஏற்ற முடிவு செய்தார்கள் (1960-இலும் பிறகும் பிறந்தவர்களுக்கு 67), போருக்குப் பிந்தைய பெரிய தலைமுறை வேலையில் இருக்கும்போதே உபரியைச் சேர்த்து ஒரு நிதியும் வைத்தார்கள். இப்போது அந்தத் தலைமுறை ஓய்வில் இருக்கிறது, நிதி கரைகிறது. 2025 அறங்காவலர் அறிக்கையின் மதிப்பீட்டில் முதியோர் நிதி 2033-இல் தீரும், அதன் பிறகு வரும் வசூலில் ஒப்புக்கொண்ட தொகையில் 77% தான் கொடுக்க முடியும்.

‘திவால்’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் அந்த 77-ஐச் சொல்வதில்லை. கைக்குக் கை முறை ஒரே நாளில் பூஜ்யம் ஆகாது. வேலை செய்பவர் இருக்கும் வரை வசூல் வரும், ஆனால் வாக்குக் கொடுத்த அளவுக்கு வராது.

அப்படியென்றால் இது ஒரு சீட்டு மோசடி மாதிரிதானே? புதுசாகச் சேர்கிறவன் பணத்தைப் பழைய ஆளுக்குக் கொடுப்பது?

பணம் போகும் பாதை ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோசடிச் சீட்டில் ஆள் சேர்வது அசுர வேகத்தில் கூடாவிட்டால் எல்லாம் ஒரே வாரத்தில் சரிந்துவிடும், நடத்துகிறவர் கணக்கை மறைப்பார், பிறகு ஆளையே காணோம். இங்கே கணக்கு திறந்திருக்கிறது, சேர்வது சட்டப்படி கட்டாயம், மேலும் மக்கள்தொகை வளரவே இல்லை என்றாலும் 2.33 பேரை வைத்து 17 சதவீதத்தில் காலம் முழுக்க ஓட்டலாம் என்று மேலே பார்த்தோம். கசப்பு எங்கே என்றால், 8% கட்டிய தலைமுறை தன் பேரப்பிள்ளைகளை 17% கட்டச் சொல்கிறது.

குழந்தை குறைவதும் ஆயுள் கூடுவதும் ஒன்றுதானே? ரெண்டும் சேர்ந்ததுதானே முதுமை?

பேச்சில் ஒன்று, கணக்கில் வேறு வேறு. இதைப் பிரிக்காமல்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது.

பிறப்பு குறைந்தால் கைக்குக் கை முறை நேராக அடி வாங்கும், உண்டியலுக்கு நேரடி அடி இல்லை. உங்கள் கணக்கில் இருக்கும் பணம் தெருவில் எத்தனை குழந்தைகள் என்று பார்ப்பதில்லை. ஆனால் ஆயுள் கூடினால் இரண்டுமே அடி வாங்கும். மேலே சொன்ன 17,40,000 ரூபாயை 15 வருடத்துக்குப் பதில் 20 வருடம் நீட்ட வேண்டும் என்றால் மாதம் 12,150 ரூபாய் சுமார் 9,750 ஆகிவிடும். 25 வருடம் என்றால் 8,330.

அடி யார் மேல் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். கைக்குக் கை முறையில் பெரியப்பா 95 வயது வரை இருந்தால் செலவு கருவூலத்துக்கு, அவருக்குக் கவலை இல்லை, 80 வயதைத் தாண்டியதும் கூடுதல் ஓய்வூதியமும் உண்டு. உண்டியலில் பணம் தீர்ந்த பிறகும் உயிர் இருந்தால் அது அவரவர் பாடு. அதற்காகத்தான் சேர்ந்த பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆயுள் முழுக்க மாதத்தொகை வாங்கும் ஆன்யுட்டி இருக்கிறது. ஜனங்கள் நீண்ட நாள் வாழ்வார்கள் என்று தெரிந்தால் அந்த நிறுவனமும் அதே பணத்துக்குக் குறைவான மாதத்தொகைதான் தரும்.

ஆக, முதுமையில் ஒரு பாதி மட்டும் உண்டியலை எட்டுகிறது, கைக்குக் கை முறையை இரண்டு பாதியும் எட்டுகின்றன. முதலாவது அதிகமாகத் திணறுவதற்கு இதுவே காரணம்.

அப்போ உண்டியல்தான் பத்திரம், எல்லாரும் அதற்கு மாறிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மேலே 3% லாபம் என்று நான் சாவகாசமாக எழுதிவிட்டேன். அது 2% ஆனால் அதே சேமிப்பில் 15 வருடத்துக்கு மாதம் 9,340 ரூபாய்தான் வரும். ஒரே ஒரு சதவீதம், 5 வருட ஆயுள் கூடியதைவிடப் பெரிய அடி. நிர்வாகக் கட்டணம் வருடத்துக்கு 1% பிடித்தாலும் இதே கதைதான், சந்தை விழும் வருடத்தில் ஓய்வு பெற்றால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. வயதானவர் 2050-இல் சாப்பிடும் சோற்றை 2050-இல் வேலை செய்யும் ஒருவர்தான் விளைவிக்க வேண்டும், அரிசியை 30 வருடம் மூட்டையில் வைக்க முடியாது. உண்டியலில் இருப்பது சோறு அல்ல, சோற்றில் பங்கு கேட்கும் சீட்டு. ஒரு பெரிய தலைமுறை முழுவதும் ஒரே சமயத்தில் பங்குகளையும் பத்திரங்களையும் விற்க வந்தால், வாங்க வேண்டிய அடுத்த தலைமுறை சிறியதாக இருந்தால், விலை இறங்கலாம். அப்போது பிறப்புக் குறைவு உண்டியலையும் கொல்லைப்புற வழியாக எட்டுகிறது. ஆனால் உண்டியலுக்கு ஒரு தப்பும் வழி உண்டு: பணத்தை இளைஞர்கள் அதிகமுள்ள வெளிநாடுகளில் போடலாம். வேறு நாட்டு இளைஞரிடம் பென்ஷன் சந்தா வசூலிக்க எந்த அரசாலும் முடியாது.

உண்டியலில் என்ன இருக்கிறது என்றும் திறந்து பாருங்கள். அமெரிக்க நிதி முழுக்க அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களில் இருக்கிறது. அந்தப் பத்திரத்தைப் பணமாக்க அரசு வரி போட வேண்டும், இல்லையென்றால் வெளியே கடன் வாங்க வேண்டும். தமிழ்நாட்டின் சிபிஎஸ்ஸும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேராமல் தனியாக நடத்தப்பட்டது, அந்தப் பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர்ந்தது. பெயர் உண்டியல், சாவி கொடுக்க வேண்டியவரிடமே.

ஓய்வு வயதைக் கூட்டினால் மட்டும் போதுமா? ஏன் எல்லா நாட்டிலும் அதிலேயே நிற்கிறார்கள்?

ஏனென்றால் அது இரண்டு பக்கமும் வெட்டும். 35 வருட வேலை 38 ஆகும்போது 15 வருட ஓய்வு 12 ஆகிறது. மக்கள்தொகை நின்றுபோன ஊரில்கூட 2.33 பேர் 3.17 பேராகிவிடுவார்கள், 17% கட்ட வேண்டியவர் 12.6% கட்டினால் போதும். 3 வருடத்தில் இவ்வளவு மாற்றம் தரும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் சித்தாள் வேலை பார்ப்பவருக்கும் அந்த 3 வருடம் ஒன்றல்ல. பிரான்ஸில் 2023-இல் 62-ஐ 64 ஆக்கப் போனபோது தெருவில் எவ்வளவு பேர் இறங்கினார்கள் என்று பார்த்தோமே. தமிழ்நாடு அரசு 2020-இல் 58-ஐ 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் ஆக்கியபோது இங்கே கோபப்பட்டவர்கள் வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள்.

கட்டணத்தையும் கூட்டாமல், வயதையும் கூட்டாமல் தானாகவே சரிசெய்துகொள்ளும் முறை உண்டா?

ஸ்வீடன் அப்படி ஒன்று வைத்திருக்கிறது. சம்பளத்தில் 18.5% போகிறது, அதில் 16% கைக்குக் கை, 2.5% உண்டியல். அந்த 16 சதவீதத்துக்கு ஒவ்வொருவர் பேரிலும் ஒரு கணக்கு உண்டு, வட்டியும் ஏறும், ஆனால் உள்ளே பணம் கிடையாது, வெறும் எழுத்து. ஓய்வு பெறும்போது அந்த எண்ணை உங்கள் வயதினர் சராசரியாக இன்னும் எத்தனை வருடம் இருப்பார்கள் என்பதை ஒட்டி வகுத்துக் கொடுப்பார்கள். ஆயுள் கூடினால் மாதத்தொகை தானாகக் குறையும். திட்டத்தின் கடன் அதன் சொத்தை மீறினால் ஏற்றமும் தானாகக் குறையும். 2008 நெருக்கடிக்குப் பிறகு 2010-இல் அப்படி நடந்தது, பென்ஷனும் குறைந்தது. ஜப்பான் வேறு வழியில் இதையே செய்கிறது: ஊழியர் ஓய்வூதியச் சந்தாவை 2017 முதல் 18.3 சதவீதத்தில் பூட்டிவிட்டு, பென்ஷன் ஏற்றத்தை விலைவாசி ஏற்றத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைக்கிறது.

இரண்டிலும் பாரம் மறையவில்லை, பெரியவர்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சட்டசபையில் சண்டை போடத் தேவையில்லை என்பதுதான் லாபம்.

தனியார் கம்பெனியில் வேலை, எனக்குப் பிஎஃப் பிடிக்கிறார்கள். நான் எந்தப் பக்கம்?

உங்கள் பிஎஃப் உண்டியல். அதோடு ஒட்டிய இபிஎஸ் என்ற 1995 ஓய்வூதியத் திட்டம் இடைப்பட்டது: நிறுவனத்தின் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33% ஒரு பொதுத் தொட்டிக்குப் போகிறது, பென்ஷன் உங்கள் சர்வீஸையும் சம்பளத்தையும் வைத்துச் சூத்திரப்படி வரும், உங்கள் பேரில் தனிக் கணக்கு இல்லை.

தமிழ்நாட்டில் இளைஞர்களுக்கா பஞ்சம்? நமக்கு எதற்கு இந்தக் கவலை?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை நிலையாக நிற்கவே 2.1 வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் பத்துக்கு ஒருவர், 2036-இல் ஐந்துக்கு ஒருவர் என்பது அரசின் கணிப்பு. ஐரோப்பா ஒரு நூற்றாண்டில் நடந்த தூரத்தை நாம் ஓடிக் கடக்கிறோம், அதுவும் பலருக்கு எந்த பென்ஷனும் இல்லாமல்.

புதுத் திட்டம் வந்து 20 வருடத்துக்கு மேலாகியும் அரசின் பாரம் ஏன் குறையவில்லை? சில மாநிலங்கள் பழையதற்கே திரும்பியதும் ஏன்?

கைக்குக் கை முறையிலிருந்து உண்டியலுக்கு மாறும் வழியில் ஒரு தலைமுறை இரண்டு தடவை கொடுக்க வேண்டும். பழைய பெரியவர்களை விட்டுவிட முடியாது, புதியவர்களுக்கும் சேர்க்க வேண்டும். சிலி நாடு 1981-இல் தனிநபர் கணக்குகளுக்கு மாறியபோது பழைய பென்ஷன்களைப் பல பத்தாண்டுகள் பட்ஜெட்டிலிருந்தே கொடுத்தது, மாறி வந்தவர்களுக்கு முன்பு கட்டிய சந்தாவுக்கு ஈடாகப் பத்திரமும் எழுதிக் கொடுத்தது. நம்மூரில் பெரியப்பாவுக்குப் பென்ஷன், அக்காவின் கணக்குக்கு 10%, இரண்டும் ஒரே கருவூலத்திலிருந்து ஒரே மாதத்தில் போயின. 2003-க்கு முன்பு சேர்ந்தவர்களில் கடைசி ஆட்கள் ஓய்வு பெறுவது 2040-களில், அவர்களுடைய பென்ஷனும் குடும்ப ஓய்வூதியமும் முடிய இன்னும் எத்தனையோ வருடம் ஆகும்.

ராஜஸ்தான் 2022-இல் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்ததை இந்த இடத்திலிருந்து பார்த்தால் புரியும். திரும்பிய மறுமாதமே அரசு போட வேண்டிய பங்கு நின்றுபோகிறது, கையில் காசு மிஞ்சுகிறது, ஊழியருக்கும் பிடித்தம் இல்லை, எல்லோர் முகத்திலும் சிரிப்பு. புதிய ஊழியர்கள் பெரும் எண்ணிக்கையில் ஓய்வு பெறத் தொடங்குவது 2030-களின் கடைசியில். அந்த பில்லை நீட்டப்போவது அன்றைக்கு நாற்காலியில் இருப்பவரிடம், கட்டப்போவது இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகள்.